எம், அதன் பிறகு ஒரு புள்ளி

விடுப்பில் போகிறவர் எழுதும் மின்னஞ்சலைப் பிரெஞ்சுக்காரர்கள் மதிக்கிறார்கள். நம் ஊரில் "லீவுல போறேன், பாத்துக்கங்க" என்று கேன்டீனில் சொன்னாலே போதும். அங்கே அது ஒரு முறைப்படியான காரியம். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை இல்லை, அதுவரை பொறுப்பு யாருக்கு, ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் எவை, அவசரமானவை எவை, எல்லாம் தனித்தனிப் பத்தியாக வரவேண்டும். கடைசியில் மரியாதை வாசகம் ஒன்று. அதை விட்டுவிட்டால் கதவைச் சாத்தாமல் போனவளைப் போல நினைப்பார்கள்.

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரெஞ்சுக் குழுமத்தின் கிளைத் தொழிற்சாலையில், அவர்களோடு எழுத்தில் பேசுவதுதான் என் வேலை. பிளஸ் டூவில் மார்க்குக்காக எடுத்த மொழி அது. தமிழ் எடுத்தால் தொண்ணூறு, பிரெஞ்சு எடுத்தால் நூற்றுக்குப் பக்கத்தில் என்று டியூஷன் சார் சொன்னார், எடுத்தேன். பிறகு பெங்களூருக்கு வார இறுதிகளில் பஸ் ஏறி டிப்ளமா முடித்தேன். மார்க்குக்காகப் படித்தது சோறு போட்டது. எங்கள் ஆலையில் அலுமினிய வால்வுகள் செய்கிறார்கள். அதில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. அவை பற்றிய சண்டைகளை மட்டும் இரண்டு மொழிகளில் போட்டிருக்கிறேன்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, காவேரிப்பட்டினத்தில் என்னைப் பார்த்த டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுவிட்டு, "இந்த வாரத்தோட வேலைய முடிச்சுக்கோ, அப்புறம் கட்டிலை விட்டு எறங்கக்கூடாது. ஆபீசுக்குச் சொல்லிடு" என்றார். பிரசவ விடுப்பு அப்படியே முன்னால் நகர்ந்து வந்தது. என் இடத்துக்கு ஆள் வேண்டும். ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

அவள் தளிப் பக்கம். வீட்டில் கன்னடம், பஸ்ஸில் தமிழ், மேலாளரிடம் ஆங்கிலம், என்னிடம் மூன்றும். அப்பா கோஸும் ரோஜாவும் போடுகிறவர். கல்லூரியில் பிரெஞ்சு எடுத்திருந்தாள், அதுவும் மார்க்குக்காகத்தான். ஒப்பந்தக்காரர் வழியாக எங்கள் பிரிவுக்கு வந்தவள். அடையாள அட்டையின் நாடாகூட எங்களுடையது நீலம், அவளுடையது பச்சை. மதியச் சாப்பாட்டுக்கு எங்களுக்கு ஒரு வரிசை, அவர்களுக்கு ஒரு வரிசை. நான் திரும்பி வரும்வரை என் வேலையைக் குறையில்லாமல் பார்த்தால் அவளைக் கம்பெனி ரோலில், நிரந்தர ஆளாக, எடுத்துக்கொள்வதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

அவளுக்கு அது சம்பளக் கணக்கு மட்டுமல்ல. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ரோல்ல வந்துட்டன்னு சொன்னா இன்னும் ரெண்டு வருஷம் விடுவாங்கக்கா. கான்ட்ராக்ட்டுன்னா அப்பா காதுலயே வாங்க மாட்டாரு. எப்ப வேணா அனுப்பிடுவாங்க, அதுக்கு எதுக்கு தினம் பஸ்ஸுன்னு கேக்கறாரு" என்றாள். அந்த இரண்டு வருடத்தில் பிரெஞ்சில் அடுத்த கட்டத் தேர்வு எழுதவேண்டும், பெங்களூரில் ஒரு வேலைக்குப் போகவேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. என் மேசை மேல் இருந்த அகராதியைத் தினமும் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள், தினமும் திருப்பித் தருவாள். வைத்துக்கொள் என்று சொன்னாலும் கேட்கமாட்டாள்.

ஒப்படைப்பு மடலை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். அவசரம் என்ற பத்தியில் ஒன்றே ஒன்றுதான் உண்மையில் அவசரம். ஒரே தொகுப்பாகச் செய்த ஒரு லாட் வால்வில் ஒரு துளையின் அளவு வரைபடத்தில் சொன்னதைவிடத் தலைமுடி கனம் கூடியிருந்தது. பயன்பாட்டுக்குக் கெடுதல் இல்லை, ஆனாலும் அவர்கள் எழுத்தில் அனுமதி தந்தால்தான் அனுப்பலாம். அந்த அனுமதிக்கு அவர்கள் மொழியில் தெரொகாசியோன் என்று பெயர். அது வரும்வரை லாட் சிவப்பு அட்டையோடு கம்பிக்கூண்டுக்குள் இருக்கும். அனுமதி வந்ததும் அன்றைக்கே கூண்டைத் திறந்து அனுப்பியாகவேண்டும், ஏனென்றால் அங்கே இருப்பு குறைந்துகொண்டிருந்தது.

பொறுப்பாளர் பத்தியில் அவள் பெயருக்கு முன்னால் மதாம் என்று சுருக்கெழுத்தில் போட்டிருந்தேன். கல்யாணம் ஆகாதவளுக்கும் இப்போது அங்கே மதாம்தான். மத்மொசெல் என்று அலுவலகங்களில் யாரும் எழுதுவதில்லை. குழுமத்துக்குப் போகும் மடலை மேலாளர் பார்க்காமல் அனுப்பக்கூடாது என்பது விதி. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரியாத மொழியில் இருந்த மடலை அவர் மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அந்த ஒரு சொல் மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"மேடமா? கான்ட்ராக்ட் பொண்ணுக்கு மேடம் எல்லாம் எதுக்குங்க? பிளான்ட் ஹெட்டுக்குக் காப்பி போகுது. பேரு மட்டும் போடுங்க, ஐடி கார்டுல இருக்கறபடி."

இது அவர்கள் எழுதும் முறை சார் என்றேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவளும் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "எடுத்துடுங்கக்கா. மேடம்னு போட்டுக்கிட்டாளாம்னு கேன்டீன்ல ஓட்டியே கொன்னுடுவாங்க." எங்கள் ஆலையில் மேடம் என்பது பதவி. நீல நாடாக்காரப் பெண்களுக்கு மட்டும் உரியது. நான் அந்தச் சொல்லை அழித்தேன். மிச்சம் இருந்தது அடையாள அட்டையில் உள்ளபடி அவள் பெயர். அவள் அப்பாவின் பெயருக்கு முதலெழுத்து எம். எம், புள்ளி, பிறகு அவள் பெயர்.

பிரெஞ்சில் எம் எழுதிப் புள்ளி வைத்தால் முசியே என்று அர்த்தம். திருவாளர். முதல் வருடப் பாடத்திலேயே வருவது இது. அவள் பெயரோ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நம் பக்கத்தில் வைக்கிற பெயர். அடுத்த வரியில் வந்த அவள் என்ற சொல் காட்டிக்கொடுத்திருக்கும், ஆனால் பிரெஞ்சில் 'பொறுப்பிலுள்ள நபர்' என்பதில் நபர் எப்போதுமே பெண்பால். ஆணாக இருந்தாலும் அடுத்த வரியில் அவள் என்றுதான் எழுதுவார்கள். இத்தனை ஓட்டைகளும் ஒரே வரியில் வந்து சேர்ந்தால் என்ன செய்வது? எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் யாரையாவது அடிக்கவேண்டும் போலிருக்கிறது, யாரை என்றுதான் தெரியவில்லை.

அவளுக்கு அப்போது மின்னஞ்சல் முகவரியும் இல்லை. ஒப்பந்த ஆட்களுக்கு ஐ.டி. பிரிவு கொடுக்கும்போது கொடுப்பதுதான். முகவரி வந்ததும் அவளே அறிமுக மடல் போடுவாள் என்று எழுதி அனுப்பிவிட்டு, லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டு, காவேரிப்பட்டினத்தில் அம்மா வீட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தேன். சில நாளில் அவளுக்கு முகவரி வந்தது, அறிமுக மடலும் போட்டாள். ஆனால் ஒப்பந்த ஆட்களின் பெயர் குழுமத்தின் முகவரிப் பட்டியலில் தெரியாது. அது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அங்கே எனக்கு எழுதுகிற அம்மையார் அந்த அறிமுக மடல் போவதற்கு முன்பே, ஜூலைக் கடைசியில், தன்னுடைய விடுமுறைக்குப் போனார். பிரான்சில் ஆகஸ்ட் என்றால் ஊரே பூட்டிக் கிடக்கும். போவதற்கு முன் அவரும் ஒழுங்காக ஓர் ஒப்படைப்பு மடல் எழுதினார், தன் இடத்துக்கு வந்த இளைஞருக்கு. அதில் இந்திய விவகாரம் என்று என் வரியை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார். அந்த இளைஞர் அதைப் படித்தார். முசியே இன்னார். பட்டியலில் அந்தப் பெயரைத் தட்டினார். ஓசூர் ஆலையில் அந்தப் பெயருக்கு ஒருவர் வந்தார், ஆண், டெஸ்பாட்ச் பிரிவு. சரக்கு அனுப்புகிற பிரிவேதான். அவருக்கு என்ன சந்தேகம் வரும்? அனுமதி தரப்பட்டது, பாதி லாட்டை விமானத்தில் உடனே அனுப்புங்கள், விடுமுறை முடிந்து நாங்கள் திறக்கும்போது இங்கே இருக்கவேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டார்.

டெஸ்பாட்ச்காரர் கெட்டவர் இல்லை. காவேரிப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கிராமம், மனைவி, இரண்டு பிள்ளைகள், சத்தமில்லாத மனிதர். தன் பெயரையும் காப்பியில் போட்டு வரும் பிரெஞ்சு மடல்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பிரெஞ்சு ஊர்களிலிருந்து வரும் எல்லாம் தானாக ஒரு ஃபோல்டரில் போய் விழும்படி செய்து வைத்திருந்தார். வேண்டியது எதுவானாலும் நான் எழுந்து போய் அவரிடம் சொல்லிவிடுவேன் அல்லவா. அந்த ஃபோல்டரில் போய் விழுந்தது அனுமதி. அதற்குப் பின்னால் ஒரு நினைவூட்டலும் விழுந்தது.

இந்தப் பக்கம் அவள் தினமும் தன் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மேலாளரிடம் போய், "சார், அந்த லாட்டுக்கு ஒரு ரிமைண்டர் போடட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "ஆகஸ்ட்ல அங்க யாரும்மா இருப்பா? நீ பாட்டுக்கு மெயில் போட்டு அவங்களத் தொந்தரவு பண்ணாத. செப்டம்பர்ல பாத்துக்கலாம்" என்றாராம். அன்று இரவு எனக்கு வாட்ஸ்அப்பில் இதைச் சொல்லி, சரிதானே அக்கா என்று கேட்டாள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஆகஸ்டில் பிரான்சுக்கு எழுதுவது கிணற்றுக்குள் கல் போடுவது என்று எங்கள் ஆலையில் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

செப்டம்பரில் அவர்கள் திறந்தார்கள். வால்வு இல்லை. உற்பத்தி லைன் ஒன்று நின்றது. கொள்முதல் தலைவர் எங்கள் பிளான்ட் ஹெட்டுக்கே நேராக ஒரு மடல் போட்டார்.

அவள் என்னை ஆலையிலிருந்தே அழைத்தாள். கூண்டைத் திறந்து ராத்திரி பகலாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள், அதன் சத்தம் பின்னால் கேட்டது. "அக்கா, எனக்கு மெயிலே வரலக்கா. நான் பொய் சொல்றேன்னு சொல்றாங்க. அழிச்சிட்டியான்னு கேக்கறாங்க." அந்த மடலை அப்படியே படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். நான் புரண்டு படுக்கக்கூட அம்மாவைக் கூப்பிடவேண்டிய நிலை. மல்லாந்தபடி போனைத் தூக்கிப் பிடித்துப் படித்தேன். 'முசியே இன்னாருக்கு நாங்கள் அனுப்பிய அனுமதிக்கும் நினைவூட்டலுக்கும் எந்தப் பதிலும் வரவில்லை.' முசியே என்ற சொல்லைச் சுருக்காமல் முழுதாக எழுதியிருந்தார்கள். அதன் பிறகுதான் அந்தப் புள்ளி எனக்குத் தெரிந்தது.

உடனே மேலாளரை அழைத்தேன். மூன்றாம் முறை எடுத்தார். எம் என்றால் என்ன என்று விளக்கினேன். அந்த அனுமதி வேறொருவர் பெட்டியில்தான் கிடக்கிறது, டெஸ்பாட்சில் இதே பெயருள்ளவரைக் கேளுங்கள் என்றேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பதும், யார் அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னது என்பது நினைவுக்கு வந்துவிட்டது என்பதும் அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது.

"மேடம், நீங்க ரெஸ்ட் எடுங்க. இந்த நேரத்துல டென்ஷன் ஆகக்கூடாது. எய்ட் டி ரிப்போர்ட் போட்டாச்சு. மூடியாச்சு."

எய்ட் டி என்பது தவறு நடந்தால் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற எட்டுப் படி அறிக்கை. மூல காரணம் என்ன, இனி நடக்காமலிருக்க என்ன செய்தோம் என்று அதில் எழுதவேண்டும். மூல காரணம்: பொறுப்பிலிருந்த நபர் தொடர்ந்து கவனிக்கவில்லை. நடவடிக்கை: நபர் மாற்றப்பட்டார். அத்தோடு கதை முடிந்தது. ஒரு சொல்லை அழித்தது மேலாளர், ஃபோல்டர் போட்டது இன்னொருவர், பட்டியலில் பெயர் சேர்க்காதது ஐ.டி. என்று எழுதினால் எட்டுப் படி போதாது, மாடியே கட்டவேண்டியிருக்கும். பச்சை நாடா ஒன்றைக் கழற்றி வாங்கினால் எல்லாம் ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

என் சொந்த முகவரியிலிருந்து அந்தப் பிரெஞ்சு அம்மையாருக்கு எழுதினேன். வெளி முகவரி மடல்கள் அவர்கள் பெட்டிக்குள் நுழையாது போலிருக்கிறது. பதில் இல்லை. டெஸ்பாட்ச்காரரை அழைத்தேன். "ஆமாங்க மேடம், இருக்குது. அன்னிக்கே தேடிப் பாத்தேன், இருந்துது" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னைக் கேக்கலீங்களே" என்றார். பிறகு, "எனக்கும் புள்ளைங்க இருக்குதுங்க மேடம்" என்றார். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. திட்டியிருக்கலாம் என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

அவளை ஒப்பந்தக்காரரே அழைத்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆலையிலிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் எங்கள் ஆளே இல்லையாம், அவர்தான் சொல்லவேண்டுமாம். எனக்கு அனுப்பிய செய்தியில் அழுகை எதுவும் இல்லை. மேசை இழுப்பறையில் உங்கள் பேனா இருக்கிறது, அகராதியை அலமாரியில் வைத்துவிட்டேன் என்று மட்டும் எழுதியிருந்தாள். நான் கட்டிலில் படுத்தபடி சுவரைப் பார்த்து அழுதேன். அழக்கூடாது, வயிறு இறுகும் என்று அம்மா பயந்தாள். அதனால் அழுவதையும் நிறுத்திக்கொண்டேன். அந்த நாட்களில் எனக்குள் இருந்தது வெறும் கையாலாகாத்தனம்தான். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அந்தச் சந்தோஷத்தின் ஓரத்தில்கூட அவள் நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பி வேலைக்கு வந்ததும் முதலில் செய்த காரியம் அந்த மடல் சரம் முழுவதையும் எடுத்துப் படித்ததுதான். பிறகு யாரிடமும் காட்டாமல், விதியை மீறி, அந்த அம்மையாருக்கு நீளமாக எழுதினேன். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் வரும், அது முசியே அல்ல, அவர் ஒரு பெண், உங்கள் எந்த மடலும் அவரிடம் போய்ச் சேரவே இல்லை என்று.

மறுநாளே பதில் வந்தது. மனம் வருந்தி எழுதியிருந்தார். அவளுடைய அறிமுக மடலை விடுமுறை முடிந்து வந்து பார்த்ததாகவும், அதே பெயருள்ள வேறு யாரோ உதவியாளர் என்று நினைத்துவிட்டதாகவும் சொன்னார். தவறு அந்தப் பெண்ணுடையது அல்ல என்று எங்கள் மனிதவளத் துறைக்குத் தானே எழுதத் தயார், அறிக்கையைத் திருத்தச் சொல்லிக் கேட்கவும் தயார், அந்தப் பெண்ணின் சம்மதம் மட்டும் வேண்டும் என்று முடித்திருந்தார். எத்தனையோ மாதம் கழித்து எனக்கு மூச்சு வந்தது. தலைமையகத்திலிருந்து ஒரு வரி வந்தால் எங்கள் ஆலையில் நாற்காலிகள்கூட எழுந்து நிற்கும். அவளை ரோலிலேயே எடுத்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

மதிய இடைவேளையில் அவளை அழைத்தேன். மணி அடித்து நின்றது. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். அவளை நாகரசம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாந்தோப்புள்ள வீடு. குரலைத் தாழ்த்திப் பேசினாள், யாரோ பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளி, முசியே, ஃபோல்டர், அம்மையாரின் மடல். உன் பேரில் தப்பே இல்லை என்று எழுத்தில் வரப்போகிறது என்றேன்.

அவள் பாத்திரச் சத்தத்தை விட்டுத் தள்ளி நடந்து போனாள்.

"பிடி அக்கா" என்றாள். தமிழில் பிடி என்றால் பிடித்துக்கொள், அவள் வீட்டுக் கன்னடத்தில் விட்டுவிடுங்கள். "வேண்டாங்கக்கா."

"ஏன்டீ?"

"இங்க யாருக்கும் தெரியாதுக்கா. என்னை அனுப்பிட்டாங்கன்னு எங்கப்பா யாருகிட்டயும் சொல்லல. கல்யாணத்துக்காக நானே விட்டுட்டேன்னுதான் சொல்லியிருக்கு. மாமியாருகூட அப்படித்தான் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்றாங்க, பெரிய கம்பெனி வேலைய எங்க பையனுக்காக விட்டுட்டு வந்துச்சுன்னு. நீங்க சரி பண்ணி லெட்டரு கிட்டரு வந்துச்சுன்னா, என்ன தப்பு, எதுக்கு லெட்டருன்னு கேப்பாங்க. தப்பே இல்லன்னு வந்தாலும் கேப்பாங்கக்கா."

"உன் பேர்ல இருக்கிறது அப்படியே இருக்கட்டுமா?"

"என் பேருலயா இருக்குது? முசியேன்னுதானே இருக்குது" என்றாள். சிரிக்கிறாளா என்று காது கொடுத்துப் பார்த்தேன், தெரியவில்லை. பாப்பா எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

நான் இடத்துக்கு வந்து உட்கார்ந்து அம்மையாருக்குப் பதில் எழுதினேன். உங்கள் அன்புக்கு மிக்க நன்றி. அவர் இப்போது எங்கள் நிறுவனத்தில் இல்லை. அறிக்கையில் எந்தத் திருத்தமும் தேவையில்லை என்று அவரே தெரிவித்திருக்கிறார். இந்த விவகாரத்தை முடிந்ததாகக் கருதலாம். கடைசியில் மரியாதை வாசகம். அனுப்புவதற்கு முன் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.